12 மணி நேரமா, நாள் முழுவதுமா?

வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று தெரியவரும் நாளில், மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொள்வது ஒரே ஓர் எண்ணைத்தான். "கிரியேட்டினின் எட்டரையாம்." சொந்தக்காரர்கள் போனில் விசாரிப்பதும் அதைத்தான். போன வாரம் 8.2 இருந்தது இந்த வாரம் 8.6 ஆகிவிட்டதே என்று இரவெல்லாம் விழித்துக் கிடப்பதும் அதை வைத்துத்தான். ஆனால் டயாலிசிஸை எப்போது தொடங்குவது என்பதை அந்த எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. எண்ணைப் பார்த்து முன்கூட்டியே தொடங்கியவர்களுக்கும், அறிகுறிகள் வரும்வரை பொறுத்துத் தொடங்கியவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அதன் முடிவு. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், படுத்தால் மூச்சுமுட்டல், மாத்திரைக்கு அடங்காத வீக்கம், இறங்க மறுக்கும் பொட்டாசியம் ஆகியவற்றைத்தான் மருத்துவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

நல்ல நிலையில் இருக்கும் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. வேண்டியதையெல்லாம் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்கு மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. வாரத்துக்கு 168 மணி நேரமும் இந்த வேலை நடக்கிறது. டயாலிசிஸ் இதில் ஒரு பங்கைத்தான் ஏற்றுக்கொள்கிறது. யூரியா, பொட்டாசியம் போன்றவற்றை வெளியேற்றும். தேங்கிய நீரை இறக்கும். ரத்தத்தில் ஏறிய அமிலத்தைச் சரிக்கட்டும். ரத்தம் ஊற உதவும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதனால் சுரக்க முடியாது. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி-யை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றவும் முடியாது. "டயாலிசிஸ்தான் செய்கிறோமே, ஊசியும் மாத்திரையும் எதற்கு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

டயாலிசிஸின் அடிப்படை ஒரு சவ்வு. அதன் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் அளவாக உப்புகள் கலந்த திரவம். ரத்தத்தில் மிகுந்து கிடக்கும் யூரியாவும் பொட்டாசியமும் சவ்வின் நுண்துளைகள் வழியே, அவை குறைவாக இருக்கும் திரவத்துக்குள் தாமாகவே நகரும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் அந்தத் துளைகளில் நுழைய முடியாமல் ரத்தத்திலேயே நின்றுவிடும். சிறுநீரக நோயாளியின் வீட்டில் காய்கறியை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டச் சொல்வார்கள் இல்லையா? காயிலிருந்து பொட்டாசியம் நீருக்குள் இறங்குவதும் இதே விதிப்படிதான்.

சவ்வு எங்கே இருக்கிறது என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன. ரத்த டயாலிசிஸில் அது உடலுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் குழலுக்குள் இருக்கிறது. வயிற்று டயாலிசிஸில் அது பிறவியிலேயே வயிற்றுக்குள் இருக்கிறது: குடலைப் போர்த்தி, வயிற்றின் உட்சுவரை மூடியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை. இதிலிருந்து இன்னொரு வித்தியாசம் பிறக்கிறது, குடும்பத்துக்கு அதுவே பெரிது. முதலாவது, வேலையை வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம் என 12 மணிக்குள் முடித்தாக வேண்டும். இரண்டாவது, அதே வேலையை இரவும் பகலுமாகப் பரப்பி மெதுவாகச் செய்கிறது. சாப்பாடு, தண்ணீர், களைப்பு, பயணம், வீட்டில் யார் எந்தப் பொறுப்பை ஏற்பது என்பதெல்லாம் இந்த நேரக் கணக்கிலிருந்தே வருகின்றன.

அதற்கு முன் ஒரு பயத்தைத் தீர்த்துவிட வேண்டும். "ஒரு தடவை டயாலிசிஸ் போட்டுட்டா நிறுத்தவே முடியாதாமே?" என்று கேட்காத குடும்பம் குறைவு. இதில் இரண்டு வேறு நோய்கள் குழம்பிக் கிடக்கின்றன. பாம்புக்கடி, எலிக்காய்ச்சல், கடுமையான வயிற்றுப்போக்கு போன்றவற்றால் சிறுநீரகம் திடீரென முடங்கினால், பலருக்கு அது சில வாரங்களில் மீண்டும் வேலை செய்யத் தொடங்கும், டயாலிசிஸும் நின்றுவிடும். நெதர்லாந்தின் காம்பன் நகரில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருந்த 1943இல், வில்லெம் கோல்ஃப் என்ற மருத்துவர் தொத்திறைச்சி அடைக்கும் செல்லோஃபேன் உறையை ஒரு சுழலும் உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். ஆரம்பத்தில் வந்த நோயாளிகளில் ஏறக்குறைய எல்லோரும் இறந்துபோனார்கள். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அவருக்கு வந்தது திடீர் முடக்கம். சிறுநீரகம் தேறியது, டயாலிசிஸ் நின்றது. நீரிழிவாலும் ரத்த அழுத்தத்தாலும் பல ஆண்டுகளாகத் தேய்ந்து சுருங்கிய சிறுநீரகம் அப்படித் திரும்புவதில்லை. அங்கே டயாலிசிஸ் தொடர்வதற்குக் காரணம் அந்தத் தேய்மானம்தான். டயாலிசிஸ் ஒரு பழக்கமாக ஒட்டிக்கொள்வதில்லை.

இனி ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். நாகை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 54 வயது விவசாயி. 15 ஆண்டுச் சர்க்கரை நோய். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள். டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டர்.

அவர் ரத்த டயாலிசிஸைத் தேர்ந்தெடுத்தால் முதல் கேள்வி, ரத்தத்தை எந்த வழியாக எடுப்பது என்பது. இயந்திரத்துக்கு நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தம் தேவை. கையின் சாதாரண சிரை அவ்வளவு தராது. இந்தச் சிக்கல் 1960 வரை யாருக்கும் பிடிபடவில்லை. சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்திக் காட்டிய பிறகுதான் நாள்பட்ட நோயாளிகள் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்துகொள்ள முடிந்தது. 1966இல் நியூயார்க்கில் சிமினோ, பிரெஸ்சியா குழுவினர் அதைவிட எளிய வழியை வெளியிட்டார்கள். மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்துவிடுவது. தமனியின் அழுத்தத்தில் சிரை பருத்துத் தடிக்கும். இதுதான் ஃபிஸ்டுலா. ஊசி போடும் அளவுக்கு அது தேற ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும்.

இந்த ஆறு வாரத்தைப் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. கையில் கத்தி வைக்கப் பயந்து, நாட்டு மருந்தைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு, கடைசியில் மூச்சுத் திணறலோடு இரவில் அவசரப் பிரிவுக்கு வந்து சேர்கிறார்கள். அப்போது கழுத்துச் சிரையில் கதீட்டர் போடுவதைத் தவிர வழியில்லை. உயிரைக் காப்பாற்றும் அந்தக் குழாயே கிருமிக்கும் நேர்வழி. டயாலிசிஸ் தொடங்கி அரைமணியில் உடம்பு தூக்கிப்போடும் குளிர்நடுக்கம் வந்தால், குழாயில் கிருமி சேர்ந்திருக்கலாம் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொட்டால் உள்ளே ஓர் அதிர்வு தெரியும். தினமும் காலையில் அவரே தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிர்வு இல்லையென்றால் உறைகட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு, இரண்டு நாள் கழித்துப் போனால் பெரும்பாலும் இல்லை. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, குளுக்கோஸ் ஏற்றவோ விடக்கூடாது.

முதல் நாள் டயாலிசிஸ் இரண்டு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். "நாலு மணி நேரம்னு சொன்னாங்க, பாதியிலேயே நிறுத்திட்டாங்க" என்று உறவினர்கள் வருந்துவதுண்டு. அது வேண்டுமென்றே செய்வது. மாதக்கணக்கில் ஏறிய யூரியாவை ஒரே மூச்சில் இறக்கினால் ரத்தத்தில் சட்டென்று குறையும், மூளையில் மெதுவாகத்தான் குறையும். அந்த வித்தியாசத்தால் மூளைக்குள் நீர் இழுக்கப்பட்டுத் தலைவலி, வாந்தி, சமயத்தில் வலிப்புகூட வரலாம். அதனால்தான் முதல் சில அமர்வுகள் சிறிதாகவும் மென்மையாகவும் இருக்கும்.

"ரத்தம் முழுசையும் வெளியே எடுத்துடுவாங்களா சார்?" என்பது மகளின் கேள்வியாக இருக்கும். இல்லை. எந்த நேரத்திலும் வெளியே இருப்பது கால் லிட்டர் அளவுதான். ஆனால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்கு 300 மில்லி என்றால் நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். உடலில் உள்ள ஐந்து லிட்டர் ரத்தமும் ஏறக்குறைய 14 முறை டயலைசரைக் கடந்து திரும்புகிறது. டயலைசர் என்பது உள்ளங்கைக்குள் பிடிக்கக்கூடிய குழல்; அதற்குள் முடியளவு மெல்லிய நுண்குழாய்கள் 10,000 வரை இருக்கும். ரத்தம் அவற்றின் உள்ளே ஒரு திசையில் போக, திரவம் வெளியே எதிர்த்திசையில் நிமிடத்துக்கு 500 மில்லி வேகத்தில் ஓடும். ஓர் அமர்வுக்கு 120 லிட்டர். அதனால்தான் டயாலிசிஸ் மையத்துக்கு இயந்திரம் எவ்வளவு முக்கியமோ, அதன் பின்னால் இருக்கும் நீர் சுத்திகரிப்பு அறையும் அவ்வளவு முக்கியம்.

கழிவு இறங்குவது இயந்திரத்தின் கவலை. நீர் இறங்குவதுதான் நோயாளியின் கவலை. நம் விவசாயியின் உலர் எடை, அதாவது வீக்கமும் மூச்சிரைப்பும் இல்லாமல் இருக்கும்போது உள்ள எடை, 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து 60 கிலோவில் வீடு திரும்புகிறார். திங்கள் காலை எடை பார்த்தால் 63. கூடியது சதையல்ல, மூன்று லிட்டர் நீர். அதை நான்கு மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 750 மில்லி; கிலோவுக்கு மணிக்கு 12.5 மில்லி. 13 வரை பொதுவாக உடல் தாங்கும் என்று வைத்திருக்கிறார்கள். அதுவே ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்குப் போய், அப்பளம் ஊறுகாயோடு சாப்பிட்டு, தாகத்துக்கு மோரும் ரசமும் குடித்து 64.2 கிலோவில் வந்தால்? மணிக்குக் கிலோவுக்கு 17.5 மில்லி. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் நீரை இயந்திரம் உறிஞ்சும் வேகத்துக்கு, திசுக்களில் இருக்கும் நீர் உள்ளே வந்து சேராது. மூன்றாவது மணியில் ரத்த அழுத்தம் சரியும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், கண் இருட்டும். "மெஷின் ஒத்துக்கல" என்று அன்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லும் பலர் உப்பைக் குறைக்கச் சொல்ல மறக்கிறார்கள்; உப்பு குறையாமல் தாகம் குறையாது.

வாரத்தில் வரும் அந்த இரண்டு நாள் இடைவெளி சாதாரணமானதல்ல. அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, நீண்ட இடைவெளிக்கு அடுத்த நாளில் மரணமும் மாரடைப்பும் மற்ற நாள்களைவிடக் கூடுதல் என்று காட்டியது. இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாவற்றிலும் எச்சரிக்கை தேவைப்படுவது அதனால்தான். கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு வாங்கிக் கொடுக்கும் அந்தப் பாக்கெட் இவருக்கு விஷம்.

இப்போது அதே விவசாயி வயிற்று டயாலிசிஸுக்குச் சம்மதித்தார் என்று பார்ப்போம். தொப்புளுக்குக் கீழே சிறிய அறுவை செய்து, மென்மையான சிலிக்கோன் குழாய் ஒன்றை வயிற்றுக்குள் வைப்பார்கள். புண் ஆற இரண்டு வாரம். அதற்குள் அவருக்கோ மனைவிக்கோ செவிலியர் பயிற்சி கொடுப்பார். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பொபோவிச், மான்கிரீஃப் இருவரும் 1970களின் நடுவில் வகுத்த முறை இது. கண்ணாடிப் புட்டிகளை மாட்டிக் கழற்றிய ஆரம்பக் காலத்தில் கிருமித் தொற்று ஓயவில்லை. டொராண்டோவில் ஓரியோபொலஸ் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டுவந்த பிறகுதான் இது வீடுகளுக்குள் நுழைய முடிந்தது.

காலை ஆறு மணி. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் கட்டி, சோப்பால் கை கழுவித் துடைத்த பிறகு அவர் பையை எடுக்கிறார். இரட்டைப் பை, ஒன்றில் இரண்டு லிட்டர் திரவம், மற்றது காலி. காலிப் பையைத் தரையில் வைத்து, இரவெல்லாம் வயிற்றில் இருந்த திரவத்தை வடியவிடுகிறார். 20 நிமிடம் போல ஆகும். பிறகு மேலே மாட்டியிருக்கும் பையிலிருந்து புதுத் திரவம் பத்து நிமிடத்தில் இறங்குகிறது. மூடியைப் போட்டுவிட்டு வயலுக்குப் போகலாம். சவ்வின் வேலை வயிற்றுக்குள் நடந்துகொண்டே இருக்கும். மதியம், மாலை, படுக்கப் போகும்முன் இன்னும் மூன்று முறை.

இங்கே நீரை இழுப்பது இயந்திரமல்ல, சர்க்கரை. திரவத்தில் 1.5, 2.5, 4.25 சதவீதம் என மூன்று அளவுகளில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கும். அளவு கூடினால் நீர் அதிகம் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் கணக்கு எழுத வேண்டும். நான்கு பை உள்ளே போனது 8 லிட்டர். வெளியே வந்தது 8.9 லிட்டர். 900 மில்லி கூடுதல். மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டால் 500 மில்லி சிறுநீரும் போகிறது என்றால், அன்று உடலிலிருந்து இறங்கியது 1.4 லிட்டர். எடையும் காலும் சொல்வதை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுத்தான், எந்தப் பை என்று மருத்துவர் முடிவு செய்கிறார். இந்த முறையில் மிச்சச் சிறுநீர் கூடுதல் காலம் நீடிப்பது ஒரு பெரிய அனுகூலம்.

அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி ரத்தத்தில் சேரும். நம் விவசாயிக்கு இன்சுலினைக் கூட்ட வேண்டியிருக்கலாம். கூடவே, வெளியே வரும் திரவத்தில் தினமும் சில கிராம் புரதமும் போய்விடும். எனவே முட்டையும் மீனும் கூடுதலாகச் சாப்பிடச் சொல்வார்கள். அதுவரை "புரதம் குறை" என்று கேட்டுப் பழகிய குடும்பம் இதை நம்பச் சற்று நாளாகும். ரத்த டயாலிசிஸிலும் புரதக் கட்டுப்பாடு தளர்த்தப்படுவதுண்டு. ஆனால் பொட்டாசியம் தினமும் வெளியேறிக்கொண்டே இருப்பதால், பழம் சாப்பிடும் சுதந்திரம் வயிற்று டயாலிசிஸ்காரருக்கே அதிகம்.

எதற்குப் பயப்பட வேண்டும்? பெரிட்டோனைட்டிஸ் என்னும் வயிற்றுறைத் தொற்றுக்கு. வடிந்த பையைத் தினமும் அச்சடித்த ஒரு காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் சரி. மங்கலாகி, கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தால் வயிற்றுவலிக்கோ காய்ச்சலுக்கோ காத்திருக்கக் கூடாது. அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரவத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்து, அவற்றில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்றால் பெரும்பாலும் தொற்றுதான். மருந்தைப் பைக்குள்ளேயே கலந்து வயிற்றுக்குள் செலுத்துவார்கள். தெளிந்த திரவத்தில் வெள்ளை நூல் போல மிதப்பது வேறு; அது ஃபைப்ரின், அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். திரவம் வடியாமல் நின்றால் அடிக்கடி காரணம் மலச்சிக்கலாக இருக்கும். குடல் நிறைந்து குழாயை நகர்த்திவிடும். கிணற்றிலும் குளத்திலும் முங்கிக் குளிப்பதை மறந்துவிட வேண்டும்.

இரண்டில் எது நல்லது? ஆயுளை வைத்துப் பார்த்தால் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் தீர்ப்பு வீட்டின் நிலவரத்துக்குப் போகிறது. 40 கிலோமீட்டர் பேருந்தில் போய், காத்திருந்து, நான்கு மணி நேரம் படுத்து, தள்ளாடித் திரும்பினால் வாரத்தில் மூன்று முழு நாள்கள் போய்விடும். கூலிவேலைக்குப் போகும் மனைவிக்கும் அதே மூன்று நாள். வயிற்று டயாலிசிஸில் மாதமொருமுறை மருத்துவமனை போதும். ஆனால் ஒரு மாதத்துக்கு 120 பைகள், 240 கிலோவுக்கு மேல், வீட்டுக்குள் அடுக்க இடம் வேண்டும். சுத்தத்தில் ஒரு நாளும் சலிப்பு வரக்கூடாது. கண் பார்வை மங்கியவருக்குத் துணைக்கு நம்பகமான ஒரு கை வேண்டும். வயிற்றில் பல அறுவைகள் நடந்து குடல் ஒட்டிக்கொண்டவருக்கும், சரிசெய்யாத குடலிறக்கம் உள்ளவருக்கும் இது ஒத்துவராது. இதயம் மிகவும் பலவீனமாகி நீரை வேகமாக எடுத்தால் தாங்காதவருக்கோ மெதுவான வழியே இதம்.

அரசுகளின் கொள்கையும் இந்தத் தேர்வை மாற்றுகிறது. ஹாங்காங் 1985 முதல் வயிற்று டயாலிசிஸையே முதலில் தருகிறது. தாய்லாந்து 2008இல் இலவச மருத்துவத் திட்டத்தில் அதே வழியைப் பிடித்தது; 2022இல் நோயாளியே தேர்ந்தெடுக்கலாம் என்று திறந்துவிட்டதும் புதியவர்களில் பலர் ரத்த டயாலிசிஸ் பக்கம் போனார்கள். இந்தியாவில் 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் இயந்திரங்களை வைத்துத்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ரத்த டயாலிசிஸ் கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்று டயாலிசிஸ் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்க்கப்பட்டது. ஆனாலும் மருத்துவர் "டயாலிசிஸ்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலான குடும்பங்களின் கண்முன் வருவது இயந்திரம் மட்டுமே. இரண்டாவது வழி உண்டு என்று யாரும் சொல்லாமலே பலருக்குக் கழுத்தில் குழாய் ஏறிவிடுகிறது. குடும்பமே கேட்டால்தான் பல இடங்களில் அந்தப் பேச்சு தொடங்குகிறது.

தேர்வு என்றைக்குமானதும் அல்ல. ஃபிஸ்டுலா போட இனிச் சிரையே மிஞ்சாதவர் வயிற்று டயாலிசிஸுக்கு வருவதுண்டு. வயிற்றுச் சவ்வு சில ஆண்டுகளில் களைத்து, 4.25 சதவீதப் பை போட்டும் உள்ளே போன அளவுகூடத் திரும்பாத நிலை வந்தால், அல்லது பெரிட்டோனைட்டிஸ் திரும்பத் திரும்ப வந்தால், இயந்திரத்துக்கு மாற வேண்டியிருக்கும். அதனால் வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்பவரும் ரத்தம் எடுக்க வரும் செவிலியரிடம் புறங்கையை நீட்டி, முன்கைச் சிரைகளை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். நோட்டுக் கணக்கில் கூடுதல் நீர் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால், ஃபிஸ்டுலா பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியது அப்போதே. கால் வீங்கிய பிறகு அல்ல.